விண்டோஸ் போடேக்க ரீஜியனைப் பாக்காம விட்டதால நெல்லுக் கணக்கின்ர திகதி முழுக்கக் குழம்பிப் போச்சு, உதவி வேணும்

வட்டக்கச்சி_நிலா
எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல்லுக் கொள்வனவுக் களஞ்சியத்தில கணக்குப் பாக்கிறன். 2024 கடைசியில பழைய லேப்டொப் ஒண்டுக்கு புதுசா விண்டோஸ் போட்டுத் தந்தவை, ஆர் போட்டதெண்டது இப்ப முக்கியமில்ல. காலபோக அறுவடை வந்த நேரம், 2025 மாசி பங்குனி, நெல்லு நிறுக்கிற பெடியன் போன் அப்பில பதிவான், அது சிஎஸ்வி ஃபைலா வரும், நான் எக்செல்ல திறந்து விவசாயிக்கு காசு குடுக்கிற திகதி போடுவன், நெல்லு வந்து 14 நாளுக்குள்ள குடுக்கோணும் எண்டதுதான் எங்கட ஒழுங்கு.

அப்ப எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. போன கிழமை ஒருத்தர் சொன்னார் உன்ர ரீஜியன் அமெரிக்காவில கிடக்கு, யூகேக்கு மாத்து எண்டு. மாத்தினன். மாத்தின உடன 05/02/2025 எண்டு கிடந்த திகதியெல்லாம் 02/05/2025 ஆயிட்டுது!! திரும்ப அமெரிக்காவுக்குப் போட்டா சரியா வருது. அப்ப ரீஜியனை மாத்தினதுதானே பிழை? பேசாம அமெரிக்காவிலயே விட்டுடட்டோ? 400க்கு மேல வரி இருக்கு, வருசக் கணக்கு குடுக்கோணும், கையெல்லாம் நடுங்குது.

முரசுமோட்டை_ரூபன்
தங்கச்சி பயப்பிடாத, சின்ன வேலை. யூகேக்கே மாத்திப்போட்டு கொம்பியூட்டரை ஒருக்கா ரீஸ்டாட் பண்ணு, எல்லாத் திகதியும் தானா திரும்பி சரியாகும். எங்கட கடையில அப்பிடித்தான் செய்தனாங்கள்.

வட்டக்கச்சி_நிலா
செய்திட்டன் ரூபன் அண்ணை, இரண்டு தரம். 02/05/2025 தான் நிக்குது.

மாங்குளம்_கேபிள்
ரூபன், நீர் சொன்னதில பாதி சரி. யூகேக்கு மாத்தத்தான் வேணும். ஆனா தானா சரியாகாது. அமெரிக்காவுக்குத் திரும்பப் போனா "சரியா வருது" எண்டு நிலா சொல்லுற இடத்திலதான் பிழையே ஒளிஞ்சு கிடக்கு, அதை ஆறுதலா சொல்லுறன்.

நிலா, உங்கட அப் எழுதினது 05/02/2025, அதாவது மாசி 5. அமெரிக்காவில மாதம்தான் முதல்ல வரும். அதால எக்செல் திறந்த அந்தக் கணமே அதை மே மாசம் 2ஆம் திகதி எண்டு எடுத்துக்கொண்டுது. உள்ளுக்க அது திகதியா இருக்காது, ஒரு இலக்கமாத்தான் இருக்கும், மே 2க்கு 45779. மாசி 5 எண்டா 45693 வந்திருக்கோணும். இப்ப அந்த 45779ஐ அமெரிக்க முறையில திரையில காட்டேக்க 5/2/2025 எண்டு வரும். நீங்கள் எங்கட முறையில மாசி 5 எண்டு வாசிப்பீங்கள். எக்செல் மே 2 எண்டு நினைக்கும். இரண்டு பிழையும் ஒண்டையொண்டு மறைச்சதால கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்ல. யூகேக்கு மாத்தினதும் அது தன்ர மனசில இருக்கிற மே 2ஐ எங்கட முறையில 02/05/2025 எண்டு காட்டுது. ரீஜியனை மாத்தினது பிழையை உண்டாக்கேல்ல, வெளிய கொண்டு வந்திருக்கு.

ஒண்டு செய்து பாருங்கோ. அந்தக் கலத்தின்ர ஃபோர்மற்றை ஜெனரல் எண்டு மாத்துங்கோ, என்ன இலக்கம் வருது எண்டு சொல்லுங்கோ. மற்றது, 12ஆம் திகதிக்குப் பிறகு வந்த வரியள் இடப்பக்கம் ஒட்டி நிக்குதோ, வலப்பக்கம் ஒட்டி நிக்குதோ?

வட்டக்கச்சி_நிலா
45779 தான் வருது அண்ணை.
13/02/2025 எல்லாம் இடப்பக்கம் நிக்குது. 01 இல இருந்து 12 வரைக்கும் வலப்பக்கம். இவ்வளவு நாளும் அதைக் கவனிக்கவே இல்ல.

இப்பதான் இன்னொண்டும் விளங்குது. 12க்குப் பிறகு வந்த வரியளில காசுத் திகதிக்குப் போட்ட ஃபோர்முலா எல்லாம் #VALUE! காட்டினது. நான் அதை கல்குலேற்றரால கணக்குப் போட்டுக் கையால அடிச்சனான். 12 வரைக்கும் ஃபோர்முலா வேலை செய்தது, அதால நம்பினன்.

மாங்குளம்_கேபிள்
ஓம், அதேதான். 13ஆவது மாதம் எண்டு ஒண்டு இல்லாததால அதை எக்செலால திகதியா எடுக்க ஏலாம வெறும் எழுத்தா விட்டிட்டுது. #VALUE! காட்டின வரியள் உண்மையில நல்ல வரியள், அதுகள் கெடேல்ல. பிழை காட்டாத வரியள்தான் கெட்டது. மாசி 5க்கு வந்த நெல்லுக்கு மாசி 19 காசு குடுக்கோணும். உங்கட ஃபோர்முலா மே 2 உடன 14 கூட்டி மே 16 எண்டு சொல்லியிருக்கும். திரையில அது 5/16/2025 எண்டு நிண்டிருக்குமே?

வட்டக்கச்சி_நிலா
நிண்டது. 16ஆவது மாதமோ எண்டு நினைச்சு, அப்பின்ர பிழையாக்கும் எண்டு அதையும் கையால மாத்தினன். நல்லவேளை, காசு பிந்தினது மூண்டு பேருக்குத்தான், அவையும் வந்து கேட்டவை. அதில ஒரு ஐயா ஆறு தரம் சைக்கிளில வந்தவர். அதை நினைக்க மனசு கேக்குதில்ல.

ஒட்டுசுட்டான்_டீச்சர்
பிள்ளை, விண்டோசின்ர மொழியை தமிழாக்கி விட்டா இந்தப் பிரச்சினை வராதோ? எங்கட பள்ளிக்கூட லேப்பில தமிழ்தான் போட்டிருக்கிறம், மெனு எல்லாம் தமிழில வருது, பிள்ளையளுக்கு நல்ல விருப்பம். ஆனா பாமினியில அடிச்ச பழைய கேள்வித்தாள் திறந்தா கோழி கிறுக்கின மாதிரி இருக்கு, அதுக்கும் ரீஜியன்தான் காரணமோ?

மாங்குளம்_கேபிள்
டீச்சர், மெனு என்ன மொழியில வரோணும் எண்டது ஒரு தெரிவு, திகதியும் இலக்கமும் எந்த நாட்டு முறையில எண்டது வேற தெரிவு. மெனு தமிழில இருந்துகொண்டே திகதி அமெரிக்க முறையில நிக்கலாம், ஒருக்கா உங்கட லேப்பிலயும் பாருங்கோ. பாமினிக்கு இதோட சம்பந்தமில்ல, அது இங்கிலிஷ் எழுத்துக்கு மேல தமிழ் வடிவத்தைப் போட்ட ஃபொன்ட், அந்த ஃபொன்டை அந்த மெசினில போட்டா வாசிக்கலாம்.

ஒட்டுசுட்டான்_டீச்சர்
நன்றி தம்பி. பாத்தன், நீங்கள் சொன்ன மாதிரி மெனு தமிழ், திகதி அமெரிக்கா. 22 மெசினும் அப்பிடித்தான்.

பூநகரி_சுதன்
கேபிள் அண்ணை, எனக்கும் ஒருக்கா சொல்லுங்கோ. மாமா ஜேர்மனியில இருந்து லேப்டொப் அனுப்பினவர். நண்டுக் கணக்கு வைக்கிறன், 12.5 கிலோ எண்டு அடிக்க எக்செல் அதை 12 மே எண்டு ஆக்குது!! சிஎஸ்வி திறந்தா எல்லாம் ஒரே கொலத்துக்குள்ள போய் நிக்குது. லேப்டொப் பழுதோ?

மாங்குளம்_கேபிள்
பழுதில்ல சுதன். ஜேர்மன் முறையில தசமத்துக்கு கொமாதான் போடுவினம், 12,5 எண்டு. புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறதுக்கும் திகதிக்கும். அதால 12.5 எண்டா அதுக்கு 12ஆம் திகதி 5ஆம் மாதம். 1.250 எண்டு ஒண்டேகால் கிலோவை அடிச்சா ஆயிரத்து இருநூற்றைம்பது எண்டு எடுக்கும், அதுதான் கூடப் பயம், ஏனெண்டா அது பிழை மாதிரியே தெரியாது. கொமா தசமத்துக்குப் போனதால சிஎஸ்வியிலயும் கொலத்தைப் பிரிக்க அரைப்புள்ளியைத்தான் தேடும், உங்கட ஃபைலில கொமா, அதான் ஒரே கொலம்.

ரீஜினல் ஃபோர்மற்றை யூகே இங்கிலிஷுக்கு மாத்துங்கோ, எக்செலை மூடித் திறவுங்கோ, புதுசா அடிக்கிறது சரியா வரும். ஆனா ஏற்கனவே மே 12 ஆன நண்டு மே 12 ஆத்தான் இருக்கும், அதுகளைத் தேடிப் பிடிச்சு திரும்ப அடிக்கோணும்.

பூநகரி_சுதன்
நாசமாப் போச்சு. 1.250 பக்கம் கனக்கக் கிடக்கு. ஏற்றுமதிக்காரரிட்டக் குடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு இருக்கிறன்.

முரசுமோட்டை_ரூபன்
அப்ப யூகேயை விட இந்தியா நல்லதில்லையோ? நாங்கள் இலட்சக் கணக்குத்தானே சொல்லுறம், இந்தியா இங்கிலிஷ் போட்டா 12,50,000 எண்டு இலட்சத்தில பிரிச்சுக் காட்டும்.

மாங்குளம்_கேபிள்
வாசிக்க வசதிதான். ஆனா இஞ்ச வங்கிப் பட்டியலும் மற்றவை அனுப்புற கணக்கும் 1,250,000 எண்டுதான் நான் கண்டிருக்கிறன், இரண்டையும் பக்கத்தில வைச்சு ஒப்பிடேக்க கண் தடுமாறும். திகதி வரிசை இரண்டிலயும் நாள், மாதம், வருசம்தான், அதில பிழையில்ல. விருப்பம் உங்கட.

நிலா, இப்ப உங்கட விசயம். அப் தந்த மூல சிஎஸ்வி ஃபைல் போனில இருக்கோ? எக்செல்ல திறந்து சேவ் பண்ணினது வேண்டாம், கை படாதது.

வட்டக்கச்சி_நிலா
பங்குனி இருக்கு. மாசி இல்ல, அந்தப் போன் உடைஞ்சு போச்சு.

மாங்குளம்_கேபிள்
சரி. பங்குனிக்கு ஃபோர்முலா ஒண்டும் வேண்டாம். ஃபைலை இரண்டு தரம் கிளிக் பண்ணித் திறக்காதேங்கோ. ஃபைல் பேரின்ர கடைசியை .txt எண்டு மாத்திப்போட்டு எக்செல்லுக்குள்ள போய் ஓப்பன் குடுங்கோ, அப்பதான் அது கேள்வி கேக்கும். இரண்டாவது பக்கத்தில பிரிக்கிறது கொமா எண்டு சொல்லுங்கோ. மூண்டாவது பக்கத்தில திகதிக் கொலத்தைத் தொட்டு டேற் எண்டதைத் தெரிஞ்சு பக்கத்தில DMY எண்டு வையுங்கோ. அதோட ரீஜியன் எதுவா இருந்தாலும் அந்தக் கொலம் சரியாத்தான் வரும்.

மாசிக்குத்தான் வைத்தியம் வேணும். முதல்ல ஃபைலைக் கொப்பி எடுங்கோ. திகதி A கொலத்தில எண்டா, ஒரு புதுக் கொலத்தில இதைப் போட்டு கடைசி வரி வரைக்கும் இழுங்கோ:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

இலக்கமா இருக்கிறது எண்டா அது தலைகீழாப் போனது, நாளையும் மாதத்தையும் மாத்திப் போடும். எழுத்தா இருக்கிறது எண்டா அது கெடாதது, 13/02/2025 இலயிருந்து வெட்டி எடுத்து திகதியாக்கும். புதுக் கொலத்தில வாறது எல்லாமே மாசி மாசமா இருக்கோணும். மாசி இல்லாத வரி ஒண்டு வந்தாலும் அதில நிண்டு யோசியுங்கோ.

பூநகரி_சுதன்
அண்ணை நானும் சும்மா போட்டுப் பாத்தன், எனக்கு ஃபோர்முலாவே பிழை எண்டு சொல்லுது.

மாங்குளம்_கேபிள்
நீங்கள் இன்னும் ஜேர்மனியில நிக்கிறீங்கள் சுதன், அங்க ஃபோர்முலாவுக்குள்ளயும் கொமாவுக்குப் பதிலா அரைப்புள்ளி. முதல்ல ஃபோர்மற்றை மாத்துங்கோ.

வட்டக்கச்சி_நிலா
போட்டன்!! 5 நிமிசத்தில எல்லாம் மாசிக்கு வந்திட்டுது. அழுகை வருது.

ஆனா மாதவாரியா கூட்டிப் பாக்க மூண்டு வரி மாசியில இல்ல. தை 2, வைகாசி 2, புரட்டாதி 2 எண்டு நிக்குது.

மாங்குளம்_கேபிள்
அதெல்லாம் 2ஆம் திகதியா நிக்குதே, அதைப் பாருங்கோ. மாசி எண்டா 2ஆவது மாதம், தலைகீழாப் போனா எந்த மாதத்திலயும் 2ஆம் திகதியாத்தான் விழும். அப்ப முதல் சரியா இருந்த வரியை ஃபோர்முலா திருப்பிப் பிழையாக்கியிருக்கு. நீங்கள் ரீஜியனை யூகேக்கு மாத்தினாப்பிறகு ஏதும் வரி கையால திருத்தினனீங்களோ?

வட்டக்கச்சி_நிலா
ஓம் அண்ணை, போன கிழமை மாத்தின அண்டைக்கு மூண்டு நாலு வரி கையால திருத்தினன்.

மாங்குளம்_கேபிள்
அதுதான். அந்த வரியளுக்கு ஃபோர்முலா வேண்டாம், A கொலத்தில இருக்கிறதையே எடுங்கோ. நாலெண்டு சொன்னீங்கள், மூண்டுதான் காட்டிக் குடுத்திருக்கு. மற்றது மாசி 2 ஆ இருந்தா திருப்பினாலும் மாசி 2தான், 12க்குப் பிறகு உள்ளதா இருந்தா திருப்பேக்க மாதம் 12ஐத் தாண்டி அடுத்த வருசத்துக்குப் போயிருக்கும். 2026 எண்டு ஏதும் நிக்குதோ பாருங்கோ. பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து அந்த வரியளை நேர பாக்கிறதுதான் உறுதி.

வட்டக்கச்சி_நிலா
2026 பங்குனி 2 ஒண்டு நிக்குது, வடிகட்டேக்க வருசத்தைப் பாக்கேல்ல நான். பற்றுச்சீட்டில 15/02/2025. சரியாப் பிடிச்சிட்டீங்கள்.

இன்னொரு விசயம். மத்தியானத்துக்கு முதல் கொன்ற்ரோலோட அரைப்புள்ளியை அமத்தி திகதி போட்டா முதல் நாள் திகதி விழுறது. மணியும் பிழையாக் காட்டும், நாங்கள் கையால மாத்துவம், இன்ரநெற் வந்தாப்பிறகு திரும்பப் பிழைக்கும். பகல் 3 மணிக்கு சனம் வரிசையில நிக்கேக்க அப்டேற் எண்டு தானா ரீஸ்டாட் ஆகும். பற்றரி போயிட்டுது எண்டு 2032 பற்றரி வாங்கி மாத்தினம், சரிவரேல்ல.

மாங்குளம்_கேபிள்
பற்றரி இல்ல. ரைம் சோன். இன்ரநெற் இல்லாம விண்டோஸ் போட்டா அது கேக்காமலே அமெரிக்க பசுபிக் நேரத்தில நிண்டிடும், நான் திருத்தக் கொண்டு வாற மெசினில பாதி அப்பிடித்தான். cmd எண்டு தேடித் திறந்து, அந்தக் கறுப்புத் திரையில இதை அடிச்சுப் பாருங்கோ:

```
tzutil /g
```

வட்டக்கச்சி_நிலா
Pacific Standard Time

மாங்குளம்_கேபிள்
மாசியில எங்களுக்கும் அதுக்கும் 13 மணித்தியாலம் 30 நிமிசம் வித்தியாசம். இஞ்ச பகல் 1.30 ஆகேக்கதான் அங்க நள்ளிரவு தாண்டும், அதுவரைக்கும் உங்கட மெசினுக்கு நேற்றுத்தான். 2025 பங்குனி 9 இல அவை மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, அதுக்குப் பிறகு 12.30. ரீஸ்டாட்டும் அதேதான். வேலை நேரத்தில ரீஸ்டாட் பண்ணாத எண்டு விண்டோஸ் வைச்சிருக்கிற நேரம் வழமையா காலை 8 இல இருந்து மாலை 5 வரைக்கும், ஆனா தன்ர மணியில. இஞ்ச பகல் 3 மணி உங்கட மெசினுக்கு விடியப்புறம் ஒண்டரை, இரண்டரை. எல்லாரும் நித்திரை எண்டு நினைச்சுத்தான் செய்யுது.

கையால மணியை மாத்தினதுதான் எனக்குக் கூடக் கவலை. சோன் பசுபிக்கில இருக்க சுவர் மணிக்கு ஒத்ததா வைச்சா, உலக நேரத்தின்ர கணக்கில நீங்கள் பதின்மூண்டரை மணித்தியாலம் முன்னுக்குப் போயிடுவீங்கள். வருசமே பிழைச்சா வெப்சைட் சான்றிதழ் காலாவதி எண்டு சொல்லும், அப்டேற்றும் 0x80072F8F எண்டு நிண்டிடும். சில மணித்தியாலப் பிழைக்கு அநேகமா ஒண்டும் சொல்லாது, அனுப்புற மெயிலின்ர நேரம் மட்டும் பிழைக்கும். அதால முதல் சோன், பிறகு நேரம்:

```
tzutil /s "Sri Lanka Standard Time"
net start w32time
w32tm /resync
```

அட்மினாத் திறந்து அடிக்கோணும். இரண்டாவது வரி ஏற்கனவே ஓடுது எண்டு சொன்னா பரவாயில்ல. செற்றிங்ஸில தேடுறதெண்டா Sri Jayawardenepura எண்டு இருக்கும், கொழும்பு எண்டு தேடினா கிடையாது.

முரசுமோட்டை_ரூபன்
நான் எப்பவும் சென்னை, கொல்கத்தா எண்டதைத்தான் போடுறனான். இரண்டும் ஐந்தரைதானே, ஒரு வித்தியாசமும் இல்ல.

கனகராயன்குளம்_பெரியவர்
இண்டைக்கு வித்தியாசமில்ல தம்பி. 96 வைகாசியில கொழும்பு மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, ஐப்பசியில அரை மணித்தியாலம் திருப்பினது, பிறகு 2006 சித்திரை வரைக்கும் ஆறு மணித்தியாலத்திலதான் நிண்டது. வன்னிக்குள்ள நாங்கள் பழைய நேரத்தை விடேல்ல. ஓமந்தையால வந்தா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைப்பம், போனா முன்னுக்கு. "புது நேரமோ பழைய நேரமோ" எண்டு கேக்காம ஒருத்தரும் பஸ்ஸுக்குப் போகமாட்டினம்.

மகள் 2004 இல லண்டனில இருந்து போட்ட மெயிலை இப்ப போனில திறந்தா எங்கட வீட்டு மணியிலும் அரை மணித்தியாலம் கூடக் காட்டுது. அது ஏன்?

மாங்குளம்_கேபிள்
ஐயா, போனில உள்ள நேரப் பட்டியலில Asia/Colombo எண்ட பேருக்குள்ள அந்த 96, 2006 மாற்றமெல்லாம் பதிஞ்சு கிடக்கு. 2004 மெயிலை அது கொழும்பின்ர ஆறு மணித்தியாலத்தில காட்டும். அந்தப் போனை Asia/Kolkata ஆக்கினா உங்கட வீட்டு மணி வரும். அந்தக் காலத்து வன்னிக்கெண்டு தனிப் பேர் அந்தப் பட்டியலில இல்ல.

முரசுமோட்டை_ரூபன்
அப்ப நான் போட்டதுதான் சரி!

மாங்குளம்_கேபிள்
பழைய மெயிலுக்குச் சரி. நாளைக்கு இலங்கை திரும்ப மணியை மாத்தினா அப்டேற் இலங்கைச் சோனுக்குத்தான் வரும், உங்கட கடை மணி இந்தியாவோட நிண்டிடும்.

கனகராயன்குளம்_பெரியவர்
நான் கொல்கத்தாவிலயே வைச்சிருக்கப் போறன்.

வட்டக்கச்சி_நிலா
சோன் மாத்திட்டன், மணி சரி. ஆனா இண்டைக்கு விடிய ரட்ணம் அக்கா அதே மெசினில திறந்து அடிச்சிருக்கிறா, அவவின்ர வரியள் திரும்பத் தலைகீழ். மணி அவவுக்குச் சரியாத்தான் காட்டுது. இதென்ன?

மாங்குளம்_கேபிள்
அவவுக்கு வேற லொகினோ?

வட்டக்கச்சி_நிலா
ஓம்.

மாங்குளம்_கேபிள்
ரைம் சோன் மெசினுக்கு ஒண்டுதான், ஆர் மாத்தினாலும் எல்லாருக்கும். திகதி ஃபோர்மற் ஒவ்வொரு லொகினுக்கும் தனித்தனி. அவவின்ர லொகினுக்குள்ள போய் அங்கயும் யூகே ஆக்குங்கோ. பிறகு உங்கட லொகினில intl.cpl எண்டு ரன் பண்ணி, அட்மினிஸ்ட்ரேற்றிவ் பக்கத்தில கொப்பி செற்றிங்ஸ் எண்டதைத் திறந்து, புது லொகினுக்கும் வரவேற்புத் திரைக்கும் கொப்பி பண்ணச் சொல்லி இரண்டு பெட்டியும் சரி போடுங்கோ. அது இனி உண்டாக்கப் போற லொகினுக்குத்தான், இருக்கிறதுக்குப் போகாது. டீச்சர், உங்கட 22 மெசினுக்கும் இதுதான், பிள்ளையளுக்கு லொகின் உண்டாக்க முதல் செய்யுங்கோ.

ஒட்டுசுட்டான்_டீச்சர்
பிள்ளையளின்ர லொகின் எல்லாம் உண்டாக்கி முடிஞ்சுது தம்பி.

வட்டக்கச்சி_நிலா
அக்காவின்ர லொகினும் மாத்திட்டன். எக்செல்ல திகதிக் கொலத்தின்ர ஃபோர்மற்றை yyyy-mm-dd எண்டு வைச்சா 2025-02-05 எண்டு வரும், ஆரும் மாறி வாசிக்க ஏலாது எண்டு தம்பி சொல்லுறான், அப்பிடியே வைச்சிட்டன். அப்பும் அதே மாதிரி எழுதினா நல்லம், அதைச் செய்த பெடியனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன், இன்னும் பதில் இல்ல.

மத்தியானத்துக்கு முதல் விழுந்த நேற்றைய திகதியளுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. எது காலையில அடிச்சது, எது பின்னேரம் எண்டு ஃபைலில இல்ல.

மாங்குளம்_கேபிள்
அதுக்கு ஃபோர்முலா இல்ல நிலா. பற்றுச்சீட்டுத்தான்.

வட்டக்கச்சி_நிலா
சரி அண்ணை. அடிக்கட்டை எல்லாம் எடுத்து வைச்சிட்டன், மாசி 1 இல இருந்து தொடங்கிறன்.